45 நாள் தவணை கேட்கும் கடைக்காரர்

"அண்ணே, வியாபாரம் கொஞ்சம் டல்லா இருக்கு. பில் பணத்துக்கு ரெண்டு மாசம் டைம் குடுங்க. நாம எப்பவும் உங்ககிட்டதானே வாங்கறோம்."

சரக்கு போடுகிறவரின் போனுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால், அவர் பதில் எழுதுவதற்கு முன் லெட்ஜரைத் திறந்து பழைய பாக்கி எவ்வளவு என்று பார்ப்பார். கேட்டவர் நினைத்தது சலுகை. வாசித்தவருக்குக் கேட்டது அபாயச் சங்கு. விற்பனை விழுந்திருக்கிறது, இரண்டு மாதம் என்பது எந்தக் கணக்கில் வந்தது என்று தெரியவில்லை, 'எப்பவும்' என்பதற்குள் தொகையும் இல்லை, தேதியும் இல்லை. அடுத்த லோடை அவர் பாதியாகக் குறைத்து அனுப்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதே கோரிக்கையை, கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் கணக்கு ஒத்துவரும்படி எழுத முடியும். அதற்குச் செய்தியைத் தட்டும் முன் அரைமணி நேரம் காகிதமும் கால்குலேட்டருமாக உட்கார வேண்டும். மன்னார்குடி போன்ற ஒரு ஊரில் நடுத்தர ஜவுளிக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். துண்டு, போர்வை, பெட்ஷீட் எல்லாம் சென்னிமலையில் சொந்தத் தறி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து வருகிறது. தீபாவளிச் சரக்கைத் தள்ளிவிட்டால், வருடத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்குக் கொள்முதல். இப்போது இருக்கும் தவணை 15 நாள்.

இந்தக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். அலமாரி காலியானால்தான் சென்னிமலை நினைவுக்கு வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மொத்தமாக எடுப்பார். கலர், சைஸ் என்று எப்போதும் அலமாரியில் இருந்தே ஆக வேண்டிய அடிச்சரக்கு அறுபதாயிரம். அதன்மேல் இந்த லோடு வந்து இறங்கி மெல்லக் கரைவதால், சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கான சரக்கு கடையில் தூங்குகிறது. மாதம் விற்றுப்போவது கொள்முதல் விலையில் அறுபதாயிரத்துக்கு. அப்படியானால் வந்த சரக்கு காசாக மாற 75 நாள் ஆகிறது. பணமோ 15ஆம் நாளே போய்விடுகிறது. நடுவில் இருக்கும் 60 நாளை அவர் நகைக் கடனிலோ ஓவர்டிராஃப்டிலோ ஓட்டுகிறார். "ரெண்டு மாசம்" என்று அவர் வாயில் வந்த கணக்கு இங்கிருந்துதான் வந்தது.

இதே கொள்முதலை மாதம் அறுபதாயிரமாகப் பிரித்து எடுத்தால் என்ன ஆகும்? அடிச்சரக்கு அதே அறுபதாயிரம். அதன்மேல் சராசரியாக முப்பதாயிரம். மொத்தம் தொண்ணூறாயிரம், அதாவது 45 நாள் விற்பனை. யாரிடமும் எதுவும் கேட்காமலேயே 30 நாள் குறைந்துவிட்டது. தொடர்ந்து ஆர்டர் கொடுப்பதைத் தறிக்காரருக்குச் செய்யும் உபகாரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். முதல் லாபம் கடைக்காரருக்குத்தான். இப்போது அவர் கேட்க வேண்டியது 45 நாள், 60 அல்ல. இதே கணக்கைப் போட்டுப் பார்த்து 100, 120 நாள் என்று வந்தால் தவணை கேட்டுப் பயனில்லை. அது அலமாரியின் மேல்தட்டில் இரண்டு வருடமாக மடிப்புக் கலையாமல் இருக்கும் சரக்கின் வேலை. அதைக் கழிவு போட்டுத் தள்ள வேண்டும்.

இனி தறிக்காரர் பக்கம். 15 நாள் தவணையில் கடைக்காரரிடம் அவருக்கு நிற்கும் பாக்கி, வருடச் சராசரியில் முப்பதாயிரம். 45 நாளில் அது தொண்ணூறாயிரம். கூடுதலாக அறுபதாயிரத்தை அவர் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். வங்கியில் 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 7,200 ரூபாய், மாதத்துக்கு 600. அறுபதாயிரம் பில்லில் அது ஒரு சதவீதம். கடைக்காரர் கேட்கும் 30 நாளின் விலை இவ்வளவுதான். ஆனால் அது சும்மா வராது, எதிர்ப்பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும். மாதாமாதம் இன்ன சரக்கு போகும் என்று தெரிந்தால் நூலை முன்கூட்டி ஒன்றாக வாங்கலாம், தறியை நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டியதில்லை. அந்த நிச்சயத்துக்கு ஒரு சதவீதம் கொடுக்கலாமா என்று யோசிக்க அவருக்கு வழி கிடைக்கிறது.

ஜி.எஸ்.டி. ஒன்றும் நடுவில் இருக்கிறது. பணம் வந்தாலும் வராவிட்டாலும், பில் போட்ட மாதத்தின் வரியை மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் தறிக்காரர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஏப்ரல் 25 அன்று பில் போட்டால் 25 நாளில் வரி போய்விடும், பணம் ஜூனில்தான் வரும். ஏப்ரல் 5 அன்று பில் போட்டால் 45ஆம் நாள் மே 20. பணம் வரும் நாளும் வரி கட்டும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஆகவே செய்தியில் "மாசம் முதல் வாரம்" என்று எழுதுவது வெறும் ஒழுங்குக்காக இல்லை. சரக்கு போடுகிறவர் அதைப் பார்த்த உடனே புரிந்துகொள்வார்.

45 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு, இது சட்டம் சொல்வது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி எழுத்தில் உடன்பாடு இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். நாள் எண்ணத் தொடங்குவது சரக்கு கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க அவருக்கு உரிமை உண்டு. உறவு கெடும் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் வருமான வரியில் 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சேர்த்த விதி உறவு பார்ப்பதில்லை. ஆடிட்டர்கள் 43பி(எச்) என்று சொல்வது இதைத்தான். கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் நிலுவையில் இருக்கும் பில்லை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். மார்ச் 5 அன்று அறுபதாயிரம் ரூபாய்ச் சரக்கு வந்தது என்று வையுங்கள். 45 நாள் என்று எழுத்தில் இருந்தால் கெடு ஏப்ரல் 19, கவலையில்லை. அதே 45 நாளை வாய்வார்த்தையாகப் பேசியிருந்தால் சட்டத்தின் கண்ணில் கெடு மார்ச் 20. அறுபதாயிரமும் அந்த வருட லாபத்தோடு சேர்ந்து வரிக்கு உட்பட்டுவிடும். ஜவுளியில் 60 நாள், 90 நாள் என்று காலங்காலமாக ஓடிய வழக்கம் இங்கேதான் இடறுகிறது. விற்பவர் வெறும் மொத்த வியாபாரியாக இருந்து சொந்த உற்பத்தி இல்லையென்றால் இந்த விதி பொதுவாகப் பொருந்தாது. கடைக்காரர் உத்தேச வரிமுறையில் கணக்குக் காட்டினாலும் நிலைமை வேறு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் கையில் இருந்தால் செய்தி இப்படி அமையும்:

"அண்ணே வணக்கம். நம்ம கணக்கைப் பார்த்தேன். தீபாவளி சரக்கு போக, போன வருஷம் 7,20,000 ரூபாய்க்கு எடுத்திருக்கேன். எல்லாம் நாலே தடவையா, அவசரம் அவசரமா. இனிமே மாசம் முதல் வாரம் 60,000க்குக் குறையாம ஆர்டர் போட்டுடறேன். என்னென்ன வேணும்னு இருபது நாள் முன்னாடியே லிஸ்ட் அனுப்பிடுவேன். இப்ப இருக்கற 15 நாள் தவணையை, சரக்கு வந்து சேர்ந்த நாள்லேருந்து 45 நாளா ஆக்கித் தர முடியுமாண்ணே? எப்பவும் ரெண்டு பில்லுக்கு மேல பாக்கி நிக்காது. நின்னா புதுச் சரக்கு அனுப்ப வேண்டாம். ஆறு மாசம் பார்ப்போம். நடுவுல ஒரு பில் தாண்டினாலும் பழையபடி 15 நாளுக்கே போயிடலாம். தீபாவளி சரக்கு தனிக் கணக்கு, அதைப் பிறகு பேசிக்கலாம். உங்களுக்குச் சரின்னா லெட்டர்ஹெட்ல எழுதி அனுப்பறேன், கையெழுத்துப் போட்டு ஒரு காப்பி குடுங்கண்ணே."

இதில் "டல்" இல்லை, கெஞ்சலும் இல்லை. என் பார்வையில் இதன் உயிர் "ரெண்டு பில்லுக்கு மேல பாக்கி நிக்காது" என்ற வாக்கியம். நாளை நீட்டுவதைவிடத் தொகை எல்லையில்லாமல் வளர்வதைத்தான் சரக்கு போடுகிறவர்கள் அஞ்சுகிறார்கள். மாதம் ஒரு பில், 45 நாள் தவணை என்றால் உச்சத்தில் நிற்பது இரண்டு பில், ஒரு லட்சத்து இருபதாயிரம். அதைக் கேட்பவரே சொல்லிவிட்டால் பேரத்தில் பாதி முடிந்தது.

அனுப்பும் நேரமும் முக்கியம். ஒரு பில் ஏற்கெனவே கெடு தாண்டிக் கிடக்கும்போது அனுப்பினால், எவ்வளவு அழகாக எழுதினாலும் சாக்கு போலத்தான் தெரியும். கடைசி பில்லைச் சொன்ன நாளில் கட்டிவிட்டு, மறுநாள் அனுப்ப வேண்டும். ஊரே சரக்குக்கு வரிசையில் நிற்கும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அனுப்பிப் பயனில்லை. பண்டிகை முடிந்து தறி ஓய்ந்திருக்கும் மாதத்தில் நிச்சயமான ஆர்டருக்கு மதிப்பு அதிகம்.

செய்தியில் சொன்ன அறுபதாயிரத்தையும் மோசமான மாதத்தை வைத்துச் சொல்ல வேண்டும், ஐப்பசியை வைத்து அல்ல. மூன்றாவது மாதமே நாற்பதாயிரத்துக்கு ஆர்டர் போட்டால், தவணை மட்டும் 45 நாளாக நிற்க, அதற்காகக் கொடுப்பதாகச் சொன்னது காணாமல் போகும்.

பதில் எப்படி வரும்? பெரும்பாலும் முழுச் சம்மதமாக வராது. "சரிங்க தம்பி, பண்ணிக்கலாமுங்க. ஆனா ஏழு நாள்ல கட்டுனா குடுக்கற ரெண்டு பர்சன்ட் சி.டி. இனிமே கிடையாதுங்க" என்று வரலாம். இந்தக் கடைக்காரர் அந்த ரொக்கத் தள்ளுபடியை இதுவரை எடுத்ததே இல்லையென்றால் அவருக்கு நஷ்டமில்லை. எடுத்துக்கொண்டிருந்தவர் என்றால் நின்று யோசிக்க வேண்டும். ஏழாம் நாளுக்குப் பதில் 45ஆம் நாள் கட்ட, அதாவது 38 நாளுக்கு, இரண்டு சதவீதத்தை விடுகிறார். வருட வட்டியாகப் பார்த்தால் அது ஏறக்குறைய 20 சதவீதம். 12 சதவீத ஓவர்டிராஃப்டில் எடுத்து ஏழாம் நாளே கட்டுவது அவருக்கு மலிவு. அப்படிப்பட்டவர் இந்தச் செய்தியை அனுப்பவே தேவையில்லை.

சி.டி.யைப் பற்றிப் பேசாமல் விலையில் கை வைக்கிறவர்களும் உண்டு. 45 நாளுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த பில்லில் 150 ரூபாய்ப் பெட்ஷீட்டை 154 என்று போடுவார்கள். நூல் விலை ஏறியிருந்தால் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் 30 நாளின் விலை ஒரு சதவீதம், அந்தப் பெட்ஷீட்டுக்கு ஒன்றரை ரூபாய். நான்கு ரூபாய் ஏறியிருந்தால் மிச்சம் இரண்டரை ரூபாய் எதற்கு என்று கேட்கலாம். அதனால் புதுத் தவணையில் வரும் முதல் பில்லைப் பழைய பில்லோடு அருகருகே வைத்து, ஒவ்வொரு வரியாக விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரக்கை அலமாரியில் ஏற்ற வேண்டும்.