தடித்த எழுத்துக்கு Ctrl+G: மொன்றியல் கீபோட்டுக்கு விரல்களைப் பழக்குவது எப்படி?

ஸ்காபரோவில் பத்து வருசம் கணக்கு வேலை பார்த்த ஒருவர் மொன்றியலுக்கு மாறி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர்ட்டும் எக்செலும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனாலும் புதுக் கந்தோரில் முதல் நாளே கை பிழைக்கத் தொடங்கும். தலைப்பைத் தடிப்பாக்க Ctrl+B அழுத்துவார், எழுத்து தடிக்காது. இணைய முகவரியில் சரிவுக்கோடு போட விரலை வைப்பார், திரையில் é வந்து நிற்கும். "என்ன கோதாரி கொம்பியூட்டர் இது" என்று மவுசைத் தேடுவார். அதற்குப் பிறகு எல்லாமே மவுஸ்தான். அரை மணித்தியால வேலை முக்கால் மணித்தியாலம் இழுக்கும்.

கியூபெக்கில் இது தற்செயலாக நடப்பதல்ல. 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தில், 1997இல் மென்பொருள் பற்றிய ஒரு பிரிவும் சேர்ந்தது. பிரெஞ்சுப் பதிப்பு உள்ள மென்பொருள் பிரெஞ்சிலும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2022இன் 96ஆம் சட்டத்தின்படி, 2025 ஜூன் முதல் 25 பேர் வேலை செய்யும் நிறுவனங்களும் பிரெஞ்சுமயமாக்கலுக்குள் வந்துவிட்டன. ஆகவே வேலைத்தலத்தில் பிரெஞ்சுத் திரை, வீட்டில் ஆங்கிலத் திரை என்ற இரட்டை வாழ்க்கை எங்கட ஆட்களில் பலருக்கு இருக்கிறது.

குழப்பம் ஒன்றல்ல, இரண்டு

முதலில் ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். குறுக்குவிசை மாறுவதற்கு இரண்டு வேறு வேறு காரணங்கள் உண்டு.

ஒன்று, மென்பொருளின் மொழி. பிரெஞ்சில் தடிப்பு என்பது 'கிரா', எழுதும்போது gras. அதனால் பிரெஞ்சு வேர்ட்டில் தடித்த எழுத்துக்கு Ctrl+G. எக்செலில் இது இன்னும் ஆபத்து. ஆங்கில எக்செலில் Ctrl+D மேலே உள்ளதைக் கீழே நிரப்பும். பிரெஞ்சு எக்செலில் D என்றால் droite, வலப்பக்கம். கீழே நிரப்ப Ctrl+B, அதாவது bas. பழைய கைப்பழக்கத்தில் ஒரு நிரலைத் தெரிவுசெய்து Ctrl+D அழுத்தினால் கீழ்நோக்கி ஒன்றும் போகாது. இடப்பக்க நிரலில் உள்ளது வந்து விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. கவனித்தால் Ctrl+Z, கவனிக்காவிட்டால் மாத முடிவில்தான் கணக்கு இடிக்கும்.

இரண்டாவது, விசைப்பலகையின் அமைப்பு. கனடிய பிரெஞ்சுக் கீபோட்டில் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கிற அதே இடத்தில்தான் இருக்கின்றன. குறியீடுகள்தான் இடம் மாறியவை. முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் é இருக்கும். சரிவுக்கோட்டுக்கு Shift+3, மின்னஞ்சல் @ குறிக்கு AltGr+2. இதனால் அமெரிக்கப் பலகையை வைத்து அச்சடித்த பட்டியலில் சரிவுக்கோடோ சதுர அடைப்போ வருகிற விசைகள் இங்கே அப்படியே வேலை செய்யும் என்று நம்ப முடியாது. பிரான்சில் எழுதிய பட்டியலும் முழுதாகப் பொருந்தாது, ஏனென்றால் அங்கே எழுத்துகளின் வரிசையே வேறு.

இணையத்தில் இறக்கி எடுத்த 'நூறு குறுக்குவிசைகள்' தாள் மொன்றியலில் கால்வாசி பொய்யாகிப் போவது இதனால்தான். தாளை நீங்களே எழுத வேண்டும்.

தாளில் என்ன எழுதுவது

ஒரு கிழமை, பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருங்கள். ஒரே வேலைக்காக மவுசை மெனுவுக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தால், கோடு கூடிய நாலைந்து வேலைகள் தானாகத் தெரியும். தாளில் ஏற வேண்டியவை அவை மட்டுமே. ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒரே நேரத்தில் பத்தைத் தொடங்கினால் ஒன்றோடொன்று குழம்பும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் வேலையை எழுதுங்கள்: "மேலே உள்ள சூத்திரத்தைக் கடைசி வரி வரை நிரப்பு." இரண்டாவதில் விசை: Ctrl+B. மூன்றாவதில் மறக்க வேண்டிய பழைய விசை: Ctrl+D. மூன்றாவது கட்டத்தைப் பலரும் எழுதுவதில்லை. ஆனால் புதிதாக ஒன்றைக் கற்பதைவிட, கை ஏற்கெனவே வேறு விதமாகப் பழகிவிட்டதை மாற்றுவதுதான் கடினம். எது எதோடு மோதுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே பிழைக்கும் என்று முன்கூட்டியே காத்திருக்கலாம்.

எழுதுமுன் ஒவ்வொரு விசையையும் உங்கள் கணினியில், உங்கள் மென்பொருளில் ஒருக்கா அழுத்திப் பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு வித்தியாசம் இருக்கும். மடிக்கணினியில் F2, F4 போன்றவற்றுக்கு Fn விசையும் சேர்த்துப் பிடிக்க வேண்டி வரலாம். சோதிக்காத விசை தாளில் ஏறக்கூடாது.

இடைவெளி விட்டுப் பழகுவது

தாளை ஒட்டிவிட்டால் மட்டும் விசை கைக்கு வராது. தாள் கண்முன் இருக்கும்வரை பார்த்துப் பார்த்தே வேலை ஓடும். அதற்குத்தான் இடைவெளிப் பயிற்சி. ஜெர்மன் எழுத்தாளர் செபஸ்டியன் லைட்னர் 1972இல் எழுதிய நூலால் பரவிய பெட்டி முறை இதற்குப் போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை மறுபடி பார்க்கும் நாள் தள்ளிப்போகும். பிழைத்த அட்டை முதல் பெட்டிக்குத் திரும்பும். மறக்கப் போகிற நேரத்தில் நினைவுபடுத்தினால் மறதி மெதுவாகிறது என்பதுதான் தத்துவம்.

எங்கட உதாரணத்தை எடுப்போம். திங்கட்கிழமை முதல் நாள். ஐந்து அட்டை, முன்பக்கம் வேலை, பின்பக்கம் விசை. வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம். அடுத்தது 2ஆம் நாள், பிறகு 4ஆம், 8ஆம், 16ஆம் நாள். கீழே நிரப்பும் அட்டை முதல் இரண்டு நாளும் சரி. 4ஆம் நாள் விரல் தானாக D பக்கம் போய், பாதியில் நின்று, B அழுத்துகிறது. விடை சரிதானே என்று தள்ளிவிடக் கூடாது, இது பிழைக் கணக்கு. அட்டை முதல் பெட்டிக்கு. மற்ற நாலும் 8ஆம் நாளுக்குப் போகட்டும். தேர்ச்சிக்கு நான் சொல்லும் அளவு மூன்று: கீபோட்டைப் பார்க்கக் கூடாது, இரண்டு எண்ணுவதற்குள் அழுத்த வேண்டும், முதல் அசைவே சரியாக இருக்க வேண்டும்.

அட்டையைப் பார்த்து வாயால் "கொன்ட்ரோல் B" என்று சொல்வது பயிற்சி ஆகாது. ஒரு பழைய கணக்குத் தாளின் பிரதியைத் திறந்து, உண்மையான கட்டங்களில், கையால் செய்ய வேண்டும். அன்கி போன்ற செயலியை நினைவூட்ட வைத்துக்கொள்ளலாம். ஆனால் விசையை அதற்குள்ளேயே அழுத்திப் பார்க்காதீர்கள், அது தன் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பயிற்சி எக்செலுக்குள்தான்.

வாயின் நினைவு வேறு, கையின் நினைவு வேறு

இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிய ஆய்வு மொன்றியலோடு தொடர்புடையது. மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெண்டா மில்னர், 1950களில் எச்.எம். என்ற முதலெழுத்தால் அறியப்பட்ட ஒரு நோயாளியை ஆராய்ந்தார். வலிப்புக்காக 1953இல் செய்த மூளைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருக்குப் புதிய நிகழ்வு எதுவும் நினைவில் தங்கவில்லை. மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். கையை நேரே பார்க்க முடியாது, கண்ணாடியில்தான் பார்க்கலாம். மூன்று நாள் பயிற்சியில் பிழைகள் நாளுக்கு நாள் குறைந்தன. மூன்றாம் நாள் நன்றாகவே வரைந்தார். ஆனால் முன்பு அதைச் செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

அதாவது கை கற்பதும் 'எனக்குத் தெரியும்' என்று சொல்வதும் ஒன்றல்ல. தாளும் அட்டையும் முதலில் சொல்லறிவைத் தருகின்றன. அதைக் கைக்கு இறக்குவது செய்து செய்து பழகும் பயிற்சிதான். பரீட்சைக்குப் பாடமாக்குவது போல் விசைகளை ஒப்பித்தவர்கள் வேலை அவசரத்தில் மவுசுக்கு ஓடுவதும் இதனாலேயே.

எதற்கு உதவாது

ஒரு நாளில் ஐம்பது தடவை செய்யும் வேலைக்கு இந்த அட்டை தேவையில்லை, வேலையே பயிற்சி. அங்கே செய்ய வேண்டியது இரண்டு நாளைக்கு மவுசை எட்டத் தள்ளி வைப்பது. வருசத்துக்கு ஒருக்கா வரி நேரத்தில் மட்டும் வரும் விசையைப் பாடமாக்குவதும் வீண், அது தாளிலேயே கிடக்கட்டும். இடைவெளிப் பயிற்சி பயன்படுவது நடுவில் உள்ளவைக்கு: கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் 'என்ன அது' என்று யோசிக்க வைப்பவை.

வீட்டில் ஆங்கிலமும் வேலையில் பிரெஞ்சும் என்றால் பழக்கம் இரண்டு பக்கமும் இழுபடும். முடிந்தால் வீட்டு எக்செலின் மொழியையும் பிரெஞ்சுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் பயிற்சியை வேலைக் கணினியில் மட்டும் செய்யுங்கள். வேர்ட்டில் குறுக்குவிசையை நாமே மாற்றி அமைக்கும் வசதி உண்டு. Ctrl+Bஐத் தடிப்புக்கே திருப்பிக் கொடுக்கலாம். எக்செலில் அந்த வசதி இல்லை. வேர்ட்டில் மாற்றினாலும் பக்கத்து மேசைக் கணினியில் உட்காரும்போது பழைய சிக்கல் திரும்பும்.

இன்னொன்று: நேற்றுவரை சரியாக இருந்த / திடீரென்று é ஆனால் உங்கள் பழக்கம் பிழைக்கவில்லை, பெரும்பாலும் விசைப்பலகை மாறியிருக்கும். இடது Alt+Shift தற்செயலாக அழுத்துப்பட்டாலே போதும். விண்டோஸ் விசையும் இடைவெளிப் பட்டையும் சேர்த்து அழுத்தித் திரும்ப மாற்றுங்கள். தமிழ்99ஐயும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு மூன்று பலகை. அவர்கள் தாளின் முதல் வரியாக எழுத வேண்டியது இந்த விசையைத்தான்.

ஒரு விசை கைக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? தாளைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு கிழமையாக, வேலை நடந்தும் புள்ளி ஏறாத வரியை வெட்டிவிடுங்கள். அந்த இடத்துக்கு அடுத்த விசை வரலாம். நல்ல தாள் நீளுவதில்லை. ஐந்து வரியிலேயே நிற்கும், வரிகள்தான் மாறிக்கொண்டிருக்கும்.