காலில் கூடியது தசையா, நீரா?

உடற்கூறு காட்டும் எடைக்கருவியில் வெறுங்காலுடன் ஏறிக் கைப்பிடிகளைப் பற்றியதும், நாம் உணராத அளவு நுண்ணிய மின்னோட்டம் உடலில் பாய்கிறது. நீர் மிகுந்த தசை அதனை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும். கை, கால், நடுவுடல் ஆகியவற்றின் மின்தடையைத் தனித்தனியே அளந்து, கருவி தாளில் கணக்கை அச்சிடுகிறது.

ஒரு பெண்மணியின் தாளில் கொழுப்பற்ற எடை வலக்காலில் 6.4 கிலோ, இடக்காலில் 7.0 கிலோ, அருகே 108% எனக் கொள்வோம். காலில் நூற்றுக்கு 108 பங்கு தசை இருக்க முடியாதல்லவா! பல கருவிகளில் இவ்விழுக்காடு, அவருக்கு இருக்கவேண்டியதாகக் கருதப்படும் அளவோடு செய்த ஒப்பீடே.

சரி, இடக்காலில் தசை மிகுதியா? அவசரப்பட வேண்டாம். கருவி தசையைக் காண்பதில்லை. மின்தடையை மட்டுமே காண்கிறது. கொழுப்பற்ற எடையில் நீரும் அடக்கம். கால் வீங்கியிருந்தால், தேங்கிய நீரும் தசைபோலக் கணக்கில் சேரும். அக்காலின் கொழுப்போ குறைந்ததாகத் தோன்றும். கணுக்காலை விரலால் சில விநாடி அழுத்துங்கள். விழுந்த குழி மெல்ல மறைந்தால் நீர் தேங்கியுள்ளது, மருத்துவரிடம் காட்டவேண்டும். குழி விழாவிடில், மற்றொரு நாள் காலையில், உண்ணுமுன் மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் அதே வேறுபாடு நீடித்தால்தான் தசையைப் பற்றி யோசிக்கலாம்.