முருங்கை இலை சொன்ன சேதி

மாவுருண்டைக்கு என்று இரண்டு மாதம் முன்னதாகவே நெய் காய்ச்சி ஜாடியில் பத்திரப்படுத்தியிருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் மூடியைத் திறந்தேனோ இல்லையோ, புளித்துப்போன ஒரு வாடை 'குப்' என்று அடித்தது! ஒரு கிலோ வெண்ணெய் வீணானதோடு, பயற்றமாவும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு நின்றன.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடிக்கு அருகேயுள்ள மானகிரிக்குப் போனேன். அங்கே உறவினர் வீட்டு ஆச்சி, பருப்புக்கு ஊற்றிய நெய் மணலாய் உதிர்ந்தது. வாசனையோ கூடத்தையே நிறைத்தது. "ஆடியிலே காய்ச்சினது ஆத்தா" என்றார். ஆறு மாத நெய்! என் துயரக் கதையைச் சொன்னேன். "முருங்கை இலை போட்டியா?" என்று கேட்டார். "வாசனைக்குத்தானே என்று விட்டுவிட்டேன்" என்றேன். ஆச்சி சிரித்துவிட்டு, மறுநாள் காலை என்னை இரண்டாங்கட்டு அடுப்பங்கரைக்கு அழைத்துப் போனார்.

வெண்ணெய் வேறு, நெய் வேறு என்பது அங்கேதான் எனக்கு நன்றாக விளங்கியது. வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு அல்ல. நூறு பங்கில் ஏறக்குறைய எண்பது கொழுப்பு. பதினாறு பங்கு தண்ணீர். மிச்சம் பாலின் சத்துக் கசடு. தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயில் தண்ணீர் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அந்தத் தண்ணீரிலும் கசடிலும்தான் கிருமிகள் குடியேறுகின்றன. ஆகவே வெளியே வைத்த வெண்ணெய் ஒரு நாளில் புளிக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுத் தினம் நீர் மாற்றினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் வரலாம். நெய்யிலோ தண்ணீர் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமிக்கு வாழ்வு ஏது?

ஆச்சி ஒரு கிலோ வெண்ணெயை அடி கனத்த பாத்திரத்தில் இட்டு, நிதானமான தீயில் வைத்தார். உருகியதும் வெள்ளை நுரை பொங்கி, 'சளசள'வென்று சத்தம் கிளம்பியது. அது தண்ணீர் கொதிக்கும் சத்தம். தண்ணீர் இருக்கிறவரை சூடு நூறு டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. எனவே கசடு கருகாது. இருபது நிமிஷத்துக்குப் பிறகு நுரை தணிந்தது, சத்தமும் ஓய்ந்தது. நான் சென்னையில் அடுப்பை அணைத்தது இந்தக் கட்டத்தில்தான்!

"இனிமேல்தான் கண் வைக்கணும்" என்றார் ஆச்சி. தண்ணீர் போனதும் சூடு மளமளவென்று ஏறும். அடியிலே வெள்ளையாய்க் கிடந்த கசடு பொன்னிறமாகிறது. மேலே பொடி நுரை இரண்டாம் முறை எழுகிறது. அப்போது, கழுவி ஈரம் போக உலர்த்திய ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டார். இலை படபடவென்று பொரிந்து அடங்கியது. ஒன்றை எடுத்து நசுக்கினால் மொறுமொறுவென்று தூளாயிற்று. "இலை துவண்டிருந்தா நெய்யிலே தண்ணி இன்னும் இருக்குன்னு அர்த்தம்." உடனே இறக்கிவிட்டார். பாத்திரத்தின் சூடே மேற்கொண்டு சிவக்க வைக்கும்; இன்னும் இரண்டு நிமிஷம் அடுப்பில் விட்டால் கசடு கறுத்து நெய் கசந்துபோகும்.

சற்று ஆறியபின், உலர்ந்த துணியில் வடிகட்டினார். முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக நெய் கிடைத்தது. வெயிலில் காயவைத்த ஜாடியில் கழுத்துவரை ஊற்றி, வெறும் துணியால் வாய் கட்டி வைத்தார். முழுக்க ஆறிய பிறகே மூடி. சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து, சொட்டுச் சொட்டாய் நெய்யிலேயே விழும் அல்லவா?

நெய் கெடும் விதம் இரண்டு என்று பின்னர் தெரிந்துகொண்டேன். தண்ணீர் தங்கிய நெய்யில் புளித்த வாடை வரும். ஈரக் கரண்டி விட்டாலும் இதே கதிதான். காற்றும் வெளிச்சமும் பட்டு நாளான நெய்யில், பழைய எண்ணெய் போன்ற காறல் அடிக்கும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் இந்தக் காறலை விரைவாக்கும். பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் நல்லது. நன்றாகக் காய்ந்த நெய், இருட்டான இடத்தில் திறக்காமல் இருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம்வரை இருக்கும். தினம் திறந்து எடுப்பதை மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது உசிதம். ஆகவே பெரிய ஜாடியைத் தொடாமல், சின்னக் கிண்ணத்தில் அவ்வப்போது எடுத்துப் புழங்குங்கள்.

நெய் மணலாய் உறைவதைக் கண்டு பயப்பட வேண்டாம். மெதுவாக ஆறியதன் அடையாளம் அது. ஆனால் காறலோ புளிப்போ வந்துவிட்டால், மறுபடி காய்ச்சினாலும் பழைய மணம் திரும்பாது.

ஊர் திரும்பியதும் நானும் ஒரு கிலோ காய்ச்சினேன். இலை மொறுமொறுத்த பிறகுதான் இறக்கினேன். அடுத்த தீபாவளிக்கு மாவுருண்டை உண்டு!