தவணை தவறாமல் கட்டியும் கடன் ஒப்பந்தம் மீறப்படுமா?

"மாதத் தவணையை ஒரு நாளும் பிந்தாமல் கட்டி வருகிறோம். அப்படியிருந்தும், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வங்கி சொல்ல முடியுமா?"

தொலைக்காட்சி அரங்கில் லுக்குட் நேயர் ஒருவர் எழுப்பிய கேள்வி இது. முடியும் என்பதே அரங்கில் பேசிய கணக்காய்வாளரின் பதில். தொழில் கடன் ஒப்பந்தங்கள் பலவற்றில் தவணைத் தேதி மட்டுமல்ல, கம்பெனியின் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆண்டு முடிவில் அந்த விகிதம் தவறினால், தவணை பாக்கி இல்லாவிட்டாலும் அது ஒப்பந்த மீறலே.

இதைப் புரிந்துகொள்ள அவர் ஓர் உதாரணம் காட்டினார். சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. கணக்கு ஆண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. வங்கி இரண்டு நிபந்தனைகள் விதித்திருக்கிறது. கடன் செலுத்தும் திறன் 1.25 மடங்குக்குக் குறையக்கூடாது. மொத்தக் கடன் பொறுப்பு, நிகர உறுதிச் சொத்தைப் போல் 2 மடங்கைத் தாண்டக்கூடாது.

முதல் நிபந்தனை

2024ஆம் ஆண்டில் வரிக்குப் பிந்திய இலாபம் 95,000 வெள்ளி. தேய்மானம் 80,000, வட்டி 65,000. மூன்றையும் கூட்டினால் 240,000. அந்த ஆண்டில் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் 180,000. வகுத்தால் 1.33. நிபந்தனை நிறைவேறியது.

முதலாளி இங்கேயே நிம்மதி அடைந்துவிடுவார். ஆனால் பார்க்க வேண்டியது 1.33 அல்ல, மிச்சம் எவ்வளவு என்பதே. 180,000க்கு 1.25 மடங்கு என்றால் 225,000. ஆக இடைவெளி வெறும் 15,000 வெள்ளி.

2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேருக்கும் குறைவானவர்களை வேலைக்கு வைத்திருந்த சிறு முதலாளிகளைத் தவிர மற்றவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,500இலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது. பத்து உள்நாட்டுத் தொழிலாளர்களுக்கு 11 மாதத்தில் கூடுதல் செலவு 22,000. முதலாளி செலுத்தும் 13 விழுக்காடு இ.பி.எஃப். சேர்த்தால் 24,860. வரியில் குறையும் தொகையைக் கழித்தாலும் சுமார் 21,000 மிஞ்சும். மற்றவை மாறாவிட்டால் 240,000 என்பது 219,000 ஆகிறது. விகிதம் 1.22. ஆண்டு முடியும் முன்பே மீறல் தெரிந்துவிட்டது.

இரண்டாவது நிபந்தனை

2025 செப்டம்பர் கணக்கின்படி பங்குதாரர் நிதி 520,000, மொத்தப் பொறுப்பு 810,000. வகுத்தால் 1.56. பிரச்சினை இல்லை என்றே தோன்றும். ஆனால் "நிகர உறுதிச் சொத்து" என்பதற்கு ஒப்பந்தம் தரும் விளக்கத்தைப் படிக்க வேண்டும். இயக்குநர்கள் கம்பெனிக்குத் தர வேண்டிய பணத்தை அதில் கழிக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு. இங்கே இயக்குநர் எடுத்த பணம் 140,000. கழித்தால் மிஞ்சுவது 380,000. விகிதம் 2.13 ஆகிவிடுகிறது.

"கணக்காளர் தரும் விகிதத்தையும் வங்கியின் விகிதத்தையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். சொல் ஒன்றாக இருக்கலாம், பொருள் வேறு" என்று அவர் எச்சரித்தார்.

என்ன செய்யலாம்?

இரண்டாவதைச் சரிசெய்வது எளிது. டிசம்பர் 31க்குள் இயக்குநர் 30,000 வெள்ளியைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தால் நிகரச் சொத்து 410,000 ஆகும், விகிதம் 1.98க்கு இறங்கும். முதலாவது அப்படியல்ல. அது ஆண்டு முழுவதும் சம்பாதித்த வருமானம். ஒப்பந்தம் இடம் தராவிட்டால், பங்குப் பணம் போட்டு அதை உயர்த்த முடியாது. ஆகவே ஆண்டு முடியும் முன் வங்கிக்குக் கணக்கைக் காட்டி, அந்த ஆண்டுக்கு மட்டும் விலக்கு கேட்க வேண்டும். அதிகாரி வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, கடிதம் கையில் இருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் செய்கின்றன. கோரஸ் எஃகு நிறுவனத்தை 2007இல் வாங்கிய டாடா ஸ்டீல், எஃகுத் தேவை சரிந்த 2009இல் கடன் நிபந்தனைகளைத் தளர்த்தும்படி வங்கிகளைக் கேட்டு ஒப்புதல் பெற்றது.

தாமதித்தால் என்ன ஆகும்? எம்.எஃப்.ஆர்.எஸ். 101 கணக்குத் தரத்தைப் பின்பற்றும் கம்பெனியில், ஆண்டு இறுதி நாளுக்குள் விலக்கு கிடைக்காமல் மீறல் நேர்ந்து, அதனால் வங்கி கடனைத் திரும்பக் கேட்க முடியுமானால், நீண்ட காலக் கடன் முழுவதும் உடனடிப் பொறுப்பாகக் காட்டப்படும். பிறகு வரும் விலக்குக் கடிதம் அந்த ஆண்டுக் கணக்கை மாற்றாது. மற்றொரு வங்கியில் லாரிக்கு எடுத்த கடனிலும் "வேறிடத்தில் மீறினால் இங்கும் மீறல்" என்ற விதி இருந்தால், அந்தக் கடனும் ஆட்டம் காணும்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தின் விளக்கப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே முறையில் கணக்கிட்டு, வரப்போகும் செலவையும் கழித்துப் பாருங்கள் என்று கூறி அவர் விளக்கத்தை நிறைவு செய்தார்.