தடித்த கோடுகளில் இல்லாத கோல்கள்

2022 டிசம்பர் 1 இரவு, கத்தாரின் கலீஃபா மைதானத்தில் உலகக் கோப்பைக் கால்பந்து லீக் ஆட்டம். ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்தது. ஜப்பான் கொடுத்தவை முந்நூறைக்கூட எட்டவில்லை. பந்து ஜப்பானியர் வசம் இருந்தது ஏறக்குறைய 18 சதவீத நேரம்தான். ஆனால் 2-1 என்று வென்றது ஜப்பான்.

இப்படியொரு ஆட்டம் முடிந்ததும் இரண்டு வகைப் படங்கள் வரும். மைதானத்தின் மேல் வட்டங்களும் கோடுகளும் போட்ட பாஸிங் நெட்வொர்க் ஒன்று. சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாய் நிறம் பூசிய ஹீட் மேப் இன்னொன்று. ஓர் அணி உண்மையில் எப்படி ஆடியது என்பதை இவை காட்டும். ஆனால் எதை எண்ணி அந்தப் படம் வரையப்பட்டது என்று தெரிந்தால்தான் அதை வாசிக்க முடியும். அதைப் பழக இந்த ஆட்டத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

முதலில் பாஸிங் நெட்வொர்க். ஆட்டத்தின் ஒவ்வொரு பாஸையும் ஆட்கள் வீடியோ பார்த்துப் பதிவு செய்கிறார்கள்: கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எந்த விநாடியில், மைதானத்தில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு. ஒரு வீரர் பந்தைத் தொட்ட இடங்களையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் அவருடைய வட்டம் எங்கே நிற்கும் என்பது கிடைக்கும். எத்தனை பாஸ்களில் அவருக்குப் பங்கு உண்டோ, அந்த அளவுக்கு வட்டம் பெரிதாகும். இருவருக்குள் எத்தனை பாஸ்கள் கைமாறினவோ, அந்த அளவுக்கு அவர்களை இணைக்கும் கோடு தடிக்கும். கோடுகள் மண்டிப் படம் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, நான்கைந்து பாஸ்களுக்குக் குறைவான இணைப்புகளைப் பெரும்பாலும் வரையாமல் விட்டுவிடுவார்கள்.

ஸ்பெயினின் படத்தில் கண் முதலில் போவது பின்களத்துக்குத்தான். நடு பின்களத்தில் ஆடிய ராட்ரி, பாவ் டோரஸ் இருவரின் வட்டங்களும் பெரியவை, இடையே உள்ள கோடு தடிமனானது. அங்கிருந்து இரு ஓரங்களுக்கும் கோடுகள் பிரிந்து மேலேறுகின்றன. மொத்தமாகப் பார்த்தால் ஒரு லாட வடிவம். லாடத்தின் நடுவில், எதிரணி கோலுக்கு நேராக இருக்கும் பகுதி வெறிச்சோடிக் கிடக்கும். முன்கள வீரர் மொராட்டாவுக்குப் போகும் கோடுகள் மெல்லியவை.

இந்த லாடத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஸ்பெயின் அங்கே பாஸ் செய்ய விரும்பியதா, அல்லது அங்கே மட்டும்தான் ஜப்பான் அனுமதித்ததா? முதல் பாதியில் ஜப்பான் ஐந்து பேரைப் பின்வரிசையில் நிறுத்தி, அவர்களுக்கு முன்னால் நால்வரை நெருக்கமாக அடுக்கியிருந்தது. ராட்ரிக்கும் டோரஸுக்கும் பந்து போனால் யாரும் பதறவில்லை. பெட்ரிக்கும் காவிக்கும் போகும் வழிதான் அடைக்கப்பட்டது. ஆக, மிகத் தடித்த அந்தக் கோட்டில் ஸ்பெயினின் விருப்பத்துக்குச் சமமாக ஜப்பானின் திட்டமும் இருக்கிறது. ஒரு நெட்வொர்க்கில் இரண்டு அணிகளும் சேர்ந்தே வரையப்படுகின்றன என்பதை மறந்தால், பின்களத்தில் சும்மா கைமாறும் பந்தை ஆதிக்கம் என்று படித்துவிடுவோம்.

இனி மெல்லிய கோடுகள். ஸ்பெயினின் ஒரே கோல் 11-வது நிமிடத்தில் வந்தது. வலப்புறத்திலிருந்து அஸ்பிலிகுவெட்டா தூக்கிக் கொடுத்த பந்தை மொராட்டா தலையால் முட்டி உள்ளே தள்ளினார். நெட்வொர்க்கில் இது ஒரே ஒரு பாஸ். குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாண்டாத இணைப்பென்றால் இந்தக் கோடு வரையப்படவே மாட்டாது. பின்களத்து இருவருக்குள் போய்வந்த பாஸும், கோலாக முடிந்த பாஸும் இந்தக் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று சமம். பழக்கத்தைப் படம் காட்டிவிடுகிறது, ஆபத்தைக் காட்டுவதில்லை.

இதைவிடப் பெரிய குறை நேரத்தில் இருக்கிறது. மாற்று வீரர் இறங்கினால் சராசரிகளும் எண்ணிக்கைகளும் கலைந்துவிடும் என்பதால், முதல் மாற்றம் நடக்கும் வரையிலான பாஸ்களை மட்டும் வரைவது பரவலான வழக்கம். இந்த ஆட்டத்தில் முதல் மாற்றம் எப்போது? சரியாக இடைவேளையில். ஜப்பானின் பயிற்சியாளர் மோரியாசு, குபோவையும் நகடோமோவையும் எடுத்துவிட்டு ரிட்சு டோனையும் மிட்டோமாவையும் இறக்கினார். ஸ்பெயினும் அஸ்பிலிகுவெட்டாவுக்குப் பதில் கார்வஹாலை அனுப்பியது. ஜப்பானின் இரண்டு கோல்களும் விழுந்தது 48, 51-வது நிமிடங்களில். வழக்கப்படி வரைந்த படத்தில் ஸ்பெயின் முன்னிலையோடு முடித்த முதல் 45 நிமிடங்கள் மட்டுமே இருக்கும். ஆட்டம் தலைகீழான பொழுது வெளியே நின்றுவிடும். அதனால்தான் எந்த நெட்வொர்க்கைப் பார்த்தாலும் ஓரத்தில் எந்த நிமிடம் வரை என்று எழுதியிருக்கிறதா என முதலில் தேட வேண்டும் என்கிறேன். எழுதாமல் விட்ட படத்தை நம்பி ஒரு முடிவுக்கு வரக் கூடாது.

முழு 90 நிமிடத்துக்கும் வரைந்தால் சரியாகிவிடுமா? ஆகாது. 51-வது நிமிடத்துக்குப் பிறகு ஜப்பான் மீண்டும் பின்வாங்கிக் கோலைக் காத்து நின்றது. பின்தங்கிய ஸ்பெயின் பாஸ்களைக் குவித்துக்கொண்டே போனது. அந்த லாடம் இன்னும் தடிக்கும், அவ்வளவே.

ஹீட் மேப்பில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து, வீரர் பந்தைத் தொட்ட இடங்களை எண்ணி, அக்கம்பக்கத்துக் கட்டங்களோடு நிறத்தைக் குழைத்து விடுகிறார்கள். அதிகம் தொட்ட இடம் சிவப்பு. இந்தச் சிவப்பு அந்த வீரரின் சொந்தக் கணக்குக்குத்தான். 20 முறை தொட்டவரின் படமும் 120 முறை தொட்டவரின் படமும் ஒரே அளவு சிவந்து தெரியும். கார்னர் உதைப்பவரின் படத்தில் கொடிக்கம்பத்து மூலை சூடாக இருக்கும். ஓரப் பின்கள வீரரின் கோட்டோரச் சிவப்பில் கணிசமான பங்கு த்ரோ-இன் ஆக இருக்கலாம். இரு ஓரங்களிலும் மாறி மாறி ஆடிய வீரரை நெட்வொர்க்கின் சராசரி, அவர் போகவே போகாத நடுப்பகுதியில் நிறுத்திவைக்கும். அங்கே ஹீட் மேப்தான் உண்மையைச் சொல்லும், அதில் இரண்டு தனித் திட்டுகள் தெரியும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஆனால் 48-வது நிமிடத்தை இரண்டும் சேர்ந்தும் சொல்ல முடியாது. ஜப்பான் முன்வரிசை ஸ்பெயின் கோல்கீப்பர் உனாய் சிமோன் வரை ஓடி நெருக்கியது. அவர் இடப்புறம் பால்டேவுக்குப் பந்தைக் கொடுக்க, இட்டோ மோதிப் பறிக்க, பந்து டோனிடம் வந்தது. டோன் இடது காலால் அடித்தார். விரட்டி ஓடிய மயேடா அந்தத் தருணத்தில் பந்தைத் தொடவில்லை. தொடாதவருக்கு ஹீட் மேப்பில் நிறம் கிடையாது.

இதற்கு வேறு படம் வேண்டும்: பந்தைப் பறித்த இடங்கள், எதிரியை நெருக்கிய இடங்கள். ஸ்டாட்ஸ்பாம் நிறுவனம் நெருக்குதலையும் ஒரு நிகழ்வாகப் பதிவு செய்கிறது. இந்த உலகக் கோப்பையின் தரவுகளை அது இலவசமாகவே தந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கி வரையலாம். ஜப்பானின் நெருக்குதல்களை முதல் பாதிக்கும் 46 முதல் 51 வரையிலான நிமிடங்களுக்கும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். ஆறு நிமிடத்துக்கு நெட்வொர்க் வரைவதில் பயனில்லை, பாஸ்கள் மிகக் குறைவு. அப்போது படத்தை விட்டுவிட்டு நிகழ்வுப் பட்டியலை வரிசையாகப் படிப்பதே நல்லது. 51-வது நிமிடத்தில் வலப்புறத்திலிருந்து டோன் பந்தைக் குறுக்கே அனுப்புகிறார். மறுமுனையில், கோட்டைத் தாண்டிவிட்டதுபோல் தெரிந்த பந்தை மிட்டோமா மடக்கி உள்ளே தருகிறார். டனாகா அதைக் கோலுக்குள் தள்ளுகிறார். பந்து முழுதாக வெளியே போகவில்லை என்று வீடியோ நடுவர்கள் உறுதிசெய்ய, கோல் நின்றது.