வார்டில் இருந்த நோயாளி திடீர் மாயம்... எங்கே தேடணும்? யாருக்குச் சொல்லணும்?

"டீ குடிச்சிட்டு வரேன்னு போனாரு, இன்னும் வரல." அரசு மருத்துவமனை வார்டுகளில் அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. பெரும்பாலும் ஆள் கேட் பக்கம் நிற்பார். வராமல் போனால் என்ன செய்வது? பார்க்கலாம்.

சென்னையில் நடந்தது என்ன?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த ஒரு பெண்ணை, மறுநாளே வார்டில் காணவில்லை. கணவர் போலீசில் புகார் கொடுத்தார். ஜூன் 8-ம் தேதி அதே மருத்துவமனை வளாகத்தின் 8-வது மாடியில் அவர் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். பணத்துக்காகவும் செல்போனுக்காகவும் கொலை செய்ததாக ஒப்பந்தப் பெண் ஊழியர் ஒருவரை போலீசார் கைது செய்தனர்.

அந்தப் பெண் கட்டடத்தை விட்டு வெளியே போகவே இல்லை. 'ஓடிட்டாங்க' என்று முடிவு கட்டும் முன், உள்ளேயே முழுசாகத் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

ஏன் சொல்லாமல் போகிறார்கள்?

ஆபரேஷன் பயம், வீட்டில் ஆடு மாடு பார்க்க ஆளில்லாதது, செலவுக்குக் காசில்லாதது எல்லாம் காரணம்தான். ஆனால் தெரிந்தே போகாதவர்களும் உண்டு. தினமும் குடித்தவர் வார்டுக்கு வந்த இரண்டு, மூன்று நாளில் கை நடுங்கி, இடம் தெரியாமல் எழுந்து நடக்கலாம். காய்ச்சலில் இருக்கும் முதியவர், சாயங்காலம் ஆனதும் 'வீட்டுக்குப் போகணும்' என்று கிளம்பலாம். இவர்களைத்தான் அவசரமாகத் தேட வேண்டும்.

திண்டுக்கல்லை வைத்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர், வயது 62. சர்க்கரை நோயால் காலில் புண். திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு 7 மணிக்கு இன்சுலின் ஊசி போட்டாச்சு. 7.30-க்கு சாப்பாடு வரும்போது கட்டிலில் ஆள் இல்லை.

முதல் வேலை, கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று எழுதி வைப்பது. அடுத்து கட்டிலைப் பாருங்கள். செருப்பு, பை, போன் எல்லாம் அங்கேயே இருந்தால் ஆள் பக்கத்தில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். கழிப்பறை, மாடிப்படி, மொட்டை மாடி, பூட்டாத அறை என எல்லாம் பார்க்கணும். கழிப்பறை உள்ளே தாழ் போட்டிருந்தால் தட்டிவிட்டு நகரக்கூடாது, திறந்தே பார்க்கணும். சட்டை, பை இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். அப்போது கேட் சிசிடிவி, பஸ் ஸ்டாண்டில் ஒட்டன்சத்திரம், பழனி பஸ் நிற்கும் இடம் என்று தேடல் மாறும்.

அதே நேரத்தில் நர்ஸ், பணி மருத்துவருக்கும் மருத்துவமனை போலீசுக்கும் தகவல் சொல்லணும். இன்சுலின் போட்டு சாப்பிடாதவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்க்கும், பேச்சு குழறும். பார்க்கிறவர்கள் 'குடிச்சிருக்கான்' என்று ஒதுங்கிவிடுவார்கள். அதனால் தேடப் போகிறவருக்கு இந்த விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஆள் கிடைத்து, நினைவோடு விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கலாம். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கணும்.

போன் நம்பரில்தான் சிக்கல்

கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு நம்பர் இருக்கும். அதுவும் நோயாளியின் சொந்த போனாகவே இருக்கும். அடித்தால் தலையணைக்கு அடியில் ஒலிக்கும்! அட்மிஷன் போடும்போதே வீட்டில் இருப்பவர் நம்பர் ஒன்று, ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் ஒன்று கொடுங்கள். நம்ம விவசாயி வீடு திரும்பினால் முதலில் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

குடும்பம் என்ன செய்யணும்?

மருத்துவமனை 'சொல்லாமல் சென்றார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினால், நேரத்தோடு எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். விருப்பப்பட்டு கையெழுத்துப் போட்டுப் போவதும் இதுவும் வேறு. எழுதியதோடு தேடல் முடிந்துவிடாது. உள்ளே தேடி ஆள் இல்லை என்றால், 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை, உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். சமீபத்திய போட்டோ, போட்டிருந்த உடை, கையில் ஊசிக் குழாய் இருக்கிறதா, என்ன மருந்து ஓடியது என்று புகாரில் எழுதி, மனு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, முதியவர் என்றால் 14567.

கையில் ஊசிக் குழாயோடு வீட்டுக்கு வந்தவரைத் திட்டாதீர்கள், நீங்களே பிடுங்கவும் வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். பிறகு மறக்காமல் வார்டுக்கும் போலீசுக்கும் ஒரு போன் போடுங்கள். ஆள் கிடைத்த பிறகும் தேடிக்கொண்டிருக்க வைக்க வேண்டாம்.