அருகிலுள்ள ஓட்டுநரைத் தேடும் கட்டங்கள்

ஆட்டோ, கார் முன்பதிவுச் செயலியில் ஓட்டுநரின் கைபேசி, சில நொடிகளுக்கு ஒருமுறை தன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சர்வருக்கு அனுப்புகிறது. பயணி வண்டி கேட்கும்போதெல்லாம் நகரத்து ஓட்டுநர்கள் அனைவரின் தூரத்தையும் அளந்துகொண்டிருந்தால் சர்வர் திணறிவிடும். அதனால் நிலப்பரப்பை முன்கூட்டியே கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பதிந்துவைக்கிறார்கள்.

குஸ்டாவோ நிமெயர் 2008-இல் வெளியிட்ட ஜியோஹாஷ் இதற்கான ஒரு முறை. அது உலகப் படத்தை முதலில் மேற்கு, கிழக்கு என்றும், கிடைத்த பாதியைத் தெற்கு, வடக்கு என்றும் மாறிமாறி இரண்டாக வெட்டிக்கொண்டே போகிறது. ஐந்து வெட்டுக்கு ஓர் எழுத்து. எழுத்து கூடக்கூடக் கட்டம் சுருங்கும். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு ஆறெழுத்துக் குறியீடு `tf346t`. அந்தக் கட்டம் சுமார் 1.2 கி.மீ. அகலமும் 0.6 கி.மீ. உயரமும் கொண்டது.

இதே கட்டத்தில் மட்டும் தேடினால் தவறு நேரும். நிலையத்திலிருந்து கிழக்கே 150 மீட்டர் அளவிலேயே கட்டத்தின் எல்லை வந்துவிடுகிறது. கிழக்கே 250 மீட்டரில் நிற்கும் ஆட்டோ `tf346v` என்ற அடுத்த கட்டத்தில் இருப்பதால் தேடலில் சிக்காது. மேற்கே 900 மீட்டரில் நிற்பதுதான் கிடைக்கும். எனவே சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்து ஒன்பதில் தேட வேண்டும்.

அப்போதும் ஒரு வரம்பு உண்டு. பயணி கட்டத்தின் வடக்கு விளிம்பில் நின்றால், அத்திசையில் தேடல் 0.6 கி.மீ. வரைதான் எட்டும். ஒன்பது கட்டங்களில் கிடைத்த மிக அருகிலுள்ள வண்டி 900 மீட்டரில் இருந்தால், வெளியே 700 மீட்டரில் வேறொன்று இருக்கக்கூடும். ஆகவே இன்னொரு சுற்றுக் கட்டங்களையும் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஜியோஹாஷில் ஒரே நீளக் குறியீடு கொண்ட கட்டங்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான். நெரிசலான இடத்தில் ஒரு கட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் குவிய, புறநகரில் பல கட்டங்கள் காலியாகக் கிடக்கும். ராஃபேல் ஃபிங்கெலும் ஜான் பென்ட்லியும் 1974-இல் முன்வைத்த குவாட்-ட்ரீ இதற்கு வழி தருகிறது. அதன் ஒரு வகையில், கட்டத்தில் இருப்போர் எண்ணிக்கை, உதாரணமாக 50-ஐத் தாண்டினால், அது நான்காகப் பிரியும். குறைந்தால் மீண்டும் ஒன்றாகும். ஆனால் வண்டிகள் ஓடிக்கொண்டே இருப்பதால் இந்தப் பிரிப்பும் சேர்ப்பும் ஓயாது. அதற்கும் சர்வர் உழைக்க வேண்டும்.

கட்டங்கள் தருவது உத்தேசப் பட்டியல் மட்டுமே. அதில் சமீபத்தில் இருப்பிடம் அனுப்பாதவர்களை நீக்கிவிட்டு, மீதமுள்ள சிலருக்குச் சாலை வழியே வந்துசேரும் நேரம் கணக்கிடப்படுகிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் 250 மீட்டரில் நிற்கும் ஆட்டோ சுற்றி வர வேண்டியிருக்கலாம். தேர்வானவருக்கு அழைப்பு போகும் கணத்திலேயே அவர் பெயர் பூட்டப்படுகிறது. இல்லாவிட்டால் ஒரே வண்டி இரண்டு பயணிகளுக்கு ஒதுக்கப்பட்டுவிடும். அவர் மறுத்தால், அல்லது குறித்த நொடிகளுக்குள் பதில் தராவிட்டால், பூட்டு விலகி அழைப்பு அடுத்தவருக்குச் செல்லும்.